பதின்மூன்று நோட்டுகளும் ஒரு மாத்திரையும்

மூன்று முறை எழுதிக் கிழித்த சிறுகதை நான்காவது முறையில் நகரத் தொடங்கியிருக்கிறது. முடிவு இன்னும் கைக்கு வரவில்லை. ஆனாலும் எழுபது வயதைக் கடந்த ஒருவரைக் கதையின் நடுவில் நிறுத்துவதில் நான் எங்கே இடறினேன் என்பது இப்போது தெளிவாகத் தெரிவதால், மறப்பதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

கதை நடப்பது 2016 டிசம்பர் 20, செவ்வாய்க்கிழமை, செங்கல்பட்டில். அலமேலுவுக்கு வயது 73. ஞாயிறு இரவு அடுத்த வீட்டு மருமகள், கணவனுக்குத் தெரியாமல் சேர்த்த பதின்மூன்று பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை இவளிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் பிரசவத்துக்காகத் தாய்வீடு போய்விட்டாள். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். பழைய நோட்டுகளை வங்கியில் செலுத்த டிசம்பர் 30 கடைசி நாள். அலமேலுவை மகன் புதன்கிழமை காலை கண்புரை அறுவைக்காகத் தன் ஊருக்கு அழைத்துப் போகிறான்; அதன் பிறகு மாதக் கடைசி வரை அவளை யாரும் வரிசையில் நிற்க விடமாட்டார்கள். ஆகவே அவளுக்கு இருப்பது அந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான்.

முதல் வரைவில் பேரன் ஒருவன் இருந்தான். இரண்டாம் பக்கத்திலேயே அவன் வண்டியை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய் வேலையை முடித்துவிட்டான், கிழவி திண்ணையில் உட்கார்ந்து கவலைப்பட்டாள். இரண்டாம் வரைவில் பேரனை நீக்கினேன். ஆனால் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு பழைய நினைவைக் கொடுத்ததால், வங்கிக் கதவு திறப்பதற்குள் அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்து கணவனும் இறந்துபோனான். மூன்றாம் வரைவில் நினைவுகளையும் வெட்டினேன். அப்போதுதான் உண்மையான குறை வெளியே வந்தது. அலமேலு என்ற பெயரை அடித்து முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தியின் பெயரை எழுதிப் பார்த்தேன். ஒரு வாக்கியத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. முழங்கால் வலியும் நரைத்த கொண்டையும் அங்கங்கே ஒட்டப்பட்டிருந்தனவே தவிர, அந்த வயதினால் கதையில் ஒன்றும் நடக்கவில்லை.

இதை உடைத்துக் கொடுத்தவர் என் பெரியம்மா. அவருக்கு வயது எழுபத்தாறு. வரிசையில் நிற்பதில் எது கஷ்டம் என்று கேட்டபோது, கால் வலி என்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் சொன்னது வேறு: “நிக்கிறது என்னடா, நின்னுடலாம். காலையில நீர் மாத்திரையப் போட்டுட்டு எந்த வரிசையில போய் நிக்கிறது? கல்யாண வீட்டுக்குக் கெளம்புனாக்கூட மொதல்ல அந்த மாத்திரையத்தான் யோசிக்கிறேன்.”

இதய பலவீனத்துக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கப்படும் அந்த ஃப்ரூசிமைடு மாத்திரை, விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி ஏறக்குறைய ஆறு மணி நேரம் நீடிக்கும். காலை ஏழு மணிக்குப் போட்டால், பகல் ஒரு மணி வரை கழிப்பறையை விட்டுத் தூரமாகப் போக முடியாது. வங்கி திறப்பது பத்து மணிக்கு. இந்த இரண்டு கணக்குகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபோது, நான் தேடிக்கொண்டிருந்த அவசரம் அங்கேயே இருந்தது. நாட்காட்டியின் கெடு எல்லோருக்கும் பொது. மாத்திரையின் கெடு அவளுக்கு மட்டுமே உரியது.

இப்போது அலமேலு கதையின் முதல் வரியிலேயே ஒரு முடிவெடுக்கிறாள்: மாத்திரையைத் தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்புகிறாள். இதில் நான் மிகவும் கவனமாக இருந்த இடம், அந்த முடிவுக்கான விலையை எப்போது காட்டுவது என்பதுதான். ஒரு வேளை தள்ளிப்போட்டதற்காக அவளை மயங்கி விழவைத்தால் அது பொய்யாகிவிடும்; கூட்டம் அவளைத் தூக்கிவிடும், கதை இரக்கத்தில் முடிந்துவிடும். உடலில் நீர் மெதுவாகத்தான் சேரும். அதனால் பதினொன்றரை மணிக்கு அவள் வங்கிப் படியில் உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருக்கிறது. அவள் புடவையை இழுத்து மூடிக்கொண்டு மறுபடி வரிசைக்குப் போகிறாள். இந்த நான்கு வாக்கியங்களுக்கு எனக்கு ஒரு வாரம் ஆனது. முதலில் அந்தக் குழியைப் பார்த்து அவள் என்ன நினைத்தாள் என்று எழுதியிருந்தேன். அதை எடுத்த பிறகுதான் காட்சி நின்றது. மாத்திரையை மாலையில் போட்டால் இரவெல்லாம் எழுந்து நடக்க வேண்டும், மறுநாள் விடியற்காலை பயணம் வேறு. அந்தக் கணக்கை அவள் போட்டுப் பார்ப்பதோடு நிறுத்தியிருக்கிறேன்.

கண்புரையும் வேலைக்கு உதவியது. அவளால் நோட்டின் எழுத்தைப் படிக்க முடியாது. ஆனால் பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு நூறு ரூபாய் நோட்டைவிட ஒரு சென்டிமீட்டர் நீளம். அந்த நீளத்தை விரலால் தடவியே பதின்மூன்றையும் எண்ணுகிறாள். பணம் செலுத்தும் சீட்டை நிரப்ப மட்டும் முன்பின் தெரியாத ஒருவரிடம் தொகையைச் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் அவள் குரல் தாழ்வதை எழுதியபோது எனக்கு நிறைவாக இருந்தது.

பழைய நினைவு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அவள் பிறந்தது 1943. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது பதினான்கு வயதுப் பெண்ணாக அப்பாவின் கடையில் உட்கார்ந்து, அணாவுக்கு ஆறு நயா பைசா என்று சில்லறை கொடுத்தவள். பழைய அணாவும் புதுக்காசும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கியதைப் பார்த்தவள் என்பதால், ஒரே இரவில் நோட்டு செல்லாமல் போவது அவளுக்குப் புரியாத அநியாயமாக இருக்கிறது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: எழுபது வயதுப் பாத்திரம் என்றாலே சுதந்திரப் போராட்டத்தை நினைவுகூர வைக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அலமேலுவுக்கு 1947-இல் வயது நான்கு. இன்று எழுபதில் இருப்பவர்களோ விடுதலைக்குப் பிறகு பிறந்தவர்கள். பிறந்த ஆண்டிலிருந்து ஒரு வயதுப் பட்டியல் போட்டுக்கொள்ள அரை மணி நேரம்கூட ஆகாது.

தேதிகளைச் சரிபார்க்க எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டினேன். கதையின் முடிச்சே அங்கேதான் கிடைத்தது. டிசம்பர் 19 அன்று ரிசர்வ் வங்கி ஒரு புதிய கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது: ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் பழைய நோட்டு செலுத்த வருபவர், ஏன் இத்தனை நாள் செலுத்தவில்லை என்று குறைந்தது இரண்டு அதிகாரிகள் முன்னிலையில் விளக்க வேண்டும். முறையான அடையாள ஆவணம் கொடுத்திருந்த கணக்குகளுக்கு டிசம்பர் 21-ஆம் தேதியே அது விலக்கப்பட்டது. அலமேலு வங்கிக்குப் போகும் செவ்வாய்க்கிழமை இரண்டுக்கும் நடுவில் வருகிறது.

உண்மையைச் சொன்னால் அடுத்த வீட்டுப் பெண்ணின் பெயர் பதிவாகும். செங்கல்பட்டு போன்ற ஊரில் அது கணவன் காதுக்குப் போய்ச் சேர ஒரு நாள் போதும். பொய் சொன்னால், எழுபத்துமூன்று ஆண்டுகளில் முதன்முறையாக எழுத்தில் ஒரு பொய்யைப் பதித்துக் கையெழுத்திட வேண்டும். மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க வைக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். வயதான பெண் மறப்பாள் என்பதை அதிகாரிகள் உடனே நம்புவார்கள், உண்மைதான். ஆனால் நோட்டின் நீளத்தை விரலால் அளந்து எண்ணுகிறவள், தனக்கு மறதி என்று தன் வாயாலேயே சொல்லும்போது எதை விட்டுக்கொடுக்கிறாள் என்பதையும் நான் எழுதியாக வேண்டும். முதலில் அதை மறுத்தேன். இப்போது கதையின் உச்சமே அதுதானோ என்று தோன்றுகிறது.

அடுத்த கதைக்கு, பேத்தியின் திருமணத்துக்கு முன் நின்றுபோன சுவர்க்கடிகாரத்தை ஓடவைக்க விரும்பும் 78 வயது முதியவர் ஒருவரை மனதில் வைத்திருக்கிறேன். அவருக்குக் கை நடுக்கம் உண்டு. அதற்கு அவர் என்ன மாத்திரை போடுகிறார், எத்தனை மணிக்குப் போடுகிறார் என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். அதற்கு முன் அலமேலுவை அந்த இரண்டு அதிகாரிகளுக்கு எதிரே உட்காரவைக்க வேண்டும். நாற்காலி கொடுக்கிறார்களா, நிற்கவைத்தே கேட்கிறார்களா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.