ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?

கடலூரில் நான் ரேடியாலஜிஸ்டாக வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில், நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் குறை டோஸ் சிடிக்கு யார் வந்தாலும், மெஷின் அறைக்கு அனுப்பும் முன் உட்காரவைத்துப் பேசுவேன். ஸ்கேனுக்குச் சில நொடி போதும். ஊசி கிடையாது. கையைத் தலைக்கு மேல் தூக்கி மூச்சைப் பிடித்தால் முடிந்துவிடும். கதிர்வீச்சும் வழக்கமான மார்பு சிடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் இந்த ஸ்கேன் அவருக்குத் தேவையா என்பதைப் படம் சொல்லாது. அவர் புகைத்த கணக்கைக் கேட்டால்தான் தெரியும்.

நாங்கள் பின்பற்றும் அளவுகோல் அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2021-ல் வெளியிட்டது. வயது 50 முதல் 80 வரை, குறைந்தது 20 பேக்-இயர், இன்னும் புகைப்பவர் அல்லது விட்டு 15 வருடத்துக்குள் இருப்பவர். இந்தியாவில் அரசு நடத்தும் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்குத்தான் இருக்கிறது. நுரையீரலுக்கு இல்லை. வருபவர்கள் கைக்காசு போட்டுத்தான் எடுக்கிறார்கள். அதனாலேயே, தகுதியில்லாத ஒருவரைப் படுக்கவைத்துப் படம் எடுத்துவிடக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

ஒரு பேக்-இயர் என்றால் தினம் 20 சிகரெட் வீதம் ஒரு வருடம். நம் ஊரில் இதில்தான் கணக்கு இடறுகிறது. "ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்" என்று ஒருவர் சொன்னதும் அப்படியே ஒன்று என்று எழுதிவிடுவார்கள். இங்கே கடையில் பெரும்பாலும் கிடைப்பது பத்து சிகரெட் பாக்கெட். அப்படி முப்பது வருடம் புகைத்தவருக்கு 30 பேக்-இயர் வராது, 15-தான் வரும். அவர் தகுதிக்குள்ளேயே இல்லை. ஆகவே பாக்கெட்டைக் கேட்காமல், எத்தனை என்று எண்ணிக்கையைத்தான் கேட்பேன்.

முதுநகர்ப் பக்கம் விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். வயது 58. இருமல் இல்லை, எடை குறையவில்லை, வேலையில் மூச்சு வாங்குவதும் இல்லை. "அவரு சுத்தமா விட்டுட்டாரு டாக்டர், ஆறு வருஷமாச்சு. எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா போதாதா?" என்றார் அந்த அம்மா. போதாது. 2011-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு 53,000-க்கும் மேற்பட்டோரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு எக்ஸ்ரே, மறுபாதிக்குக் குறை டோஸ் சிடி எடுத்தது. சிடி எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்திருந்தது.

கணக்கைத் துண்டு துண்டாகப் போட்டோம். 20 வயதிலிருந்து 30 வரை தினம் பத்து, அது 5 பேக்-இயர். சொந்தப் பட்டறை வைத்த பிறகு 52 வயது வரை இருபது, அது 22. மொத்தம் 27. விட்டு ஆறு வருடம்தான். தகுதி உண்டு.

படத்தில் இடது மேல்பகுதியில் கடுகு மாதிரி வெள்ளைப் புள்ளிகள் சில இருந்தன. முழுக்கச் சுண்ணாம்பு படிந்தவை, எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பு. அவற்றைப் பற்றிக் கவலை இல்லை. வலது மேல்மடலில் இருந்த நாட்யூல் என்ற சிறு கட்டிதான் என்னை நிறுத்தியது. திண்மமானது, சுண்ணாம்பு இல்லை. நீளவாக்கில் 7.4 மில்லிமீட்டர், குறுக்கே 6.2. சராசரி 6.8.

லங்-ராட்ஸ் என்ற தரப்படுத்தலில் இந்தச் சராசரியை வைத்துத்தான் முடிவு. முதல் ஸ்கேனில் திண்மமான நாட்யூல் 6-க்குக் குறைவு என்றால் 2-ம் வகை, அடுத்த வருடம் வந்தால் போதும். 6 முதல் 8-க்குள் 3-ம் வகை, ஆறு மாதத்தில் வர வேண்டும். 8 முதல் 15-க்குள் 4ஏ, மூன்று மாதம். அதற்கு மேல் 4பி, காத்திருக்காமல் மேல்பரிசோதனை. பனிமூட்டம் போல் லேசாகத் தெரியும் நாட்யூலுக்கு அளவு வேறு. அது 30 மில்லிமீட்டருக்குள் இருந்தால் 2-ம் வகையிலேயே வைப்போம், ஏனென்றால் அந்த வகை மிக மெதுவாக வளரும்.

இவருக்கு 3. ரிப்போர்ட்டைப் படித்த மகன் மறுநாளே வந்து, "கட்டி இருக்குன்னு போட்டிருக்கீங்க, அப்புறம் ஏன் ஆறு மாசம்? ஊசி போட்டு எடுத்துப் பாத்துடலாமே" என்றான். பயத்தில் வந்த கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. 3-ம் வகையில் நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் அது புற்றுநோயாக இருக்கும். நெடுநாள் புகைத்த நுரையீரலில் ஊசி செலுத்தினால் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிவிடும் அபாயம் உண்டு. புற்று இருக்கும் இடத்தை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேனையும் 8 மில்லிமீட்டருக்குக் கீழே நம்ப முடியாது, புற்றாகவே இருந்தாலும் ஒளிராமல் போகலாம். இவ்வளவு சின்ன நாட்யூலின் குணத்தைச் சொல்லக்கூடியது அது வளர்கிறதா என்பதுதான். அதற்கு இடைவெளி வேண்டும். இதைச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தை நான் ஒருபோதும் குறைக்கமாட்டேன். பயந்து போனவர்களில் சிலர் திரும்பி வருவதே இல்லை.

ஆறு மாதத்தில் சராசரி 7.0. 0.2 கூடியதை நாங்கள் வளர்ச்சியாக எடுப்பதில்லை. ஒரே படத்தை இருவர் அளந்தாலே அவ்வளவு வித்தியாசம் வரும். பன்னிரண்டு மாதத்துக்குள் 1.5 மில்லிமீட்டருக்கு மேல் கூடினால்தான் வளர்ச்சி. ஆகவே 2-ம் வகைக்கு இறக்கி, ஒரு வருடம் கழித்து வரச் சொன்னேன். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஸ்கேன் படம் பதிந்த டிஸ்க்கைப் பத்திரமாக வையுங்கள் என்று மட்டும் கெஞ்சிச் சொல்லியனுப்பினேன். பலர் ஃபிலிம் கவரை மட்டும் வைத்துக்கொண்டு டிஸ்க்கைத் தொலைத்துவிடுகிறார்கள். ஃபிலிமில் மில்லிமீட்டர் அளக்க முடியாது. வேறு இடத்தில் 5 மில்லிமீட்டர் தடிமனில் வெட்டிய படத்தோடு எங்கள் 1 மில்லிமீட்டர் படத்தை ஒப்பிட்டால், வளராதது வளர்ந்ததாகத் தெரியும்.

நான் சொன்ன மாதத்திலேயே அவர் வந்தார். 9.1-க்கு 8.3, சராசரி 8.7. கூடியது 1.7. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் விட்டத்தில் 7, 8.7 ஆனால் கன அளவு ஏறக்குறைய இரட்டிப்பு. வளர்ந்தும் இருக்கிறது, 8-ஐத் தாண்டியும் விட்டது, எனவே 4பி. பெட் ஸ்கேனில் அந்த ஒரு இடம் மட்டும் லேசாக ஒளிர்ந்தது. மூச்சுத்திறன் நன்றாக இருந்ததால் அறுவை சிகிச்சைக்குப் போனார். வலது மேல்மடலை எடுத்தார்கள். அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய், நெறிக்கட்டிகளில் பரவல் இல்லை, முதல் நிலையின் ஆரம்பம். கீமோ தேவைப்படவில்லை. முதல் ஸ்கேனை இரண்டு வருடம் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இருமி ரத்தம் வந்த பிறகு என்னிடம் வருபவர்களின் படங்களை நிறையப் பார்க்கிறேன்.

அவர் கதை பரவி, துறைமுகத்திலிருந்து பலர் வந்தார்கள். 41 வயதுக்காரர் ஒருவர் தினம் ஐந்து சிகரெட் பிடிப்பவர். அவரை ஸ்கேன் எடுக்காமல் திருப்பி அனுப்பினேன், புகைப்பதை நிறுத்த உதவும் மருத்துவரின் முகவரியோடு. பீடி பிடிப்பவர்கள்தான் என்னை யோசிக்க வைக்கிறார்கள். அளவுகோல் சிகரெட்டை வைத்து எழுதப்பட்டது. பீடியில் புகையிலை குறைவு, ஆனால் அணையாமல் இருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டும், தாரும் அதிகம். புகையிலை எடையை வைத்து நாலு பீடியை ஒரு சிகரெட்டாக எண்ணுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்றே எண்ணுகிறேன், அதை ரிப்போர்ட்டிலும் எழுதிவிடுகிறேன்.

இன்னொருவருக்கு எல்லாக் கணக்கும் பொருந்தியது. 63 வயது, 40 பேக்-இயர். எழுந்து போகும்போதுதான், "ரெண்டு வாரமா சளியில கொஞ்சம் செவப்பா வருதுங்க" என்றார். அவருக்கு இந்த ஸ்கேன் இல்லை. இது அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கானது. அன்றே சளிப் பரிசோதனைக்கு அனுப்பி, நுரையீரல் மருத்துவரிடம் போனில் பேசி, மருந்து செலுத்தி எடுக்கும் முழு டோஸ் சிடிக்கு மறுநாள் காலையில் நேரம் வாங்கிக் கொடுத்தேன்.