போன தடவை நீங்களும் அப்படித்தானே சொன்னீங்க

அந்த அழைப்பு 11 நிமிஷம் 23 விநாடி என்று போனில் இன்னும் இருக்கிறது. நான் அழிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, விட்டுவிட்டேன் அவ்வளவுதான்.

எங்கள் சேலைக் கடையின் பேஜைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போட்டோ எடுப்பது, ரீல் போடுவது, வரும் மெசேஜுக்குப் பதில் சொல்வது, பேக்கிங் ஆட்களிடம் முகவரியை எழுதிக் கொடுப்பது எல்லாம் நான்தான். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு கஸ்டமர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, "இது உங்க ரெண்டாவது பேஜாங்க?" என்று கேட்டார். எங்கள் பெயரேதான், கடைசியில் ஒரு அண்டர்ஸ்கோர் மட்டும் கூடுதல். லோகோ எங்களுடையது. படங்களும் எங்களுடையவை. ஒரு படத்தில் சேலையைப் பிடித்திருக்கும் விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது, அது என் விரல், அந்த வாரம் கட்டரில் வெட்டிக்கொண்டேன். விலை மட்டும் வேறு. நாங்கள் 780 ரூபாய் என்று போட்டிருந்த சாஃப்ட் சில்க் அங்கே 550.

என் போனில் தேடினால் அந்தக் கணக்கு வரவே இல்லை. முதலில் எடுத்துவிட்டார்கள் போல என்று நிம்மதியாகக்கூட இருந்தேன். அப்புறம் பேக்கிங் பையனின் போனில் தேடியபோது முதல் ஆளாக வந்து நின்றது. எங்களை அவர்கள் பிளாக் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கடைக்காரனுக்கு மட்டும் தெரியாது, மற்ற எல்லாருக்கும் தெரியும். கணக்கு எப்போது தொடங்கியது என்று பார்த்தால் 2019 என்று காட்டியது, எங்கள் பேஜைவிடப் பழசு. யாருடைய பழைய கணக்கையோ கைப்பற்றியோ வாங்கியோ பெயரை மாற்றியிருக்கிறார்கள். முன்பு எத்தனை முறை பெயர் மாறியது என்று அதே இடத்தில் இருக்கும், ஆனால் அதுவரை யார் பார்ப்பார்கள்? தேதியைப் பார்த்துப் போலியைக் கண்டுபிடியுங்கள் என்று நானே சிலரிடம் சொல்லியிருந்தேன். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

முதலாளி அண்ணன், "இப்ப எச்சரிக்கை கிச்சரிக்கைன்னு போட்டா வர்ற ஆர்டரும் நின்னுடும், தீபாவளி முடியட்டும்" என்றார். நானும் பெரிதாக மறுக்கவில்லை. நானும் பேக்கிங் பையனும் எங்கள் வீட்டு ஆட்களும் சேர்ந்து ரிப்போர்ட் மட்டும் அடித்துக்கொண்டிருந்தோம். விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. ஆறு நாள் போனது. ஏழாம் நாள் இன்னும் இரண்டு பேர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியபின் அண்ணனே, "சரி போட்டுரு" என்றார்.

போட்டேன். அரக்குப் பின்னணியில் வெள்ளை எழுத்து: "எங்கள் பெயரில் போலிக் கணக்குகள் உலவுகின்றன. கீழே உள்ள எண்ணைத் தவிர வேறு எந்த எண்ணுக்கும் பணம் அனுப்ப வேண்டாம்." கீழே கடை எண்ணைப் பெரிதாகப் போட்டிருந்தேன். நன்றாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நான்கு நாள் கழித்து அந்த அக்கா கூப்பிட்டார். திருவாரூர்ப் பக்கம். மகளுக்கு வளைகாப்பு, வரும் பெண்களுக்கு வைத்துக் கொடுக்க ஏழு சேலை. ஆறு மாதம் முன்பு எங்களிடம் வாங்கியவர், அந்தப் பார்சல் கவரில் இருந்த நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தவுடன், "ஏம்மா, இன்சூரன்ஸ்னு 1,400 கேக்கறீங்களே, அது எதுக்கு? முழுப் பணமும் கட்டிட்டேனே" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெயர் கேட்டேன், ஆர்டரைத் தேடினேன், இல்லை. கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது.

ஏழு சேலை 3,850 ரூபாய். முதலில் அட்வான்ஸ் 2,000, காலை பத்தேகாலுக்கு. பிறகு "பேக் பண்ணியாச்சு, மிச்சத்தைப் போட்டால் இன்றே அனுப்பிவிடுவோம்" என்று 1,850, பதினொன்று ஐந்துக்கு. அதையும் வாங்கிக்கொண்டு, பார்சலுக்கு இன்சூரன்ஸ் 1,400, டெலிவரியின்போது திருப்பித் தந்துவிடுவோம் என்று மூன்றாவது. சிறுசிறு தொகையாகக் கேட்பார்கள், ஒவ்வொன்றும் ஏற்கெனவே போட்ட பணத்தைக் காப்பாற்றுவதற்காகப் போடுவது மாதிரி இருக்கும். மூன்றாவதில்தான் அவருக்கு உறுத்தியிருக்கிறது. அவர் என்னைக் கூப்பிட்டது 11:40.

நான் சொன்ன முதல் வார்த்தை: "அக்கா, அது நாங்க இல்லைங்க."

அதிலிருந்து அடுத்த பதினொரு நிமிஷமும் நான் அதையேதான் வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் பேஜில் போய்ப் பாருங்கள், எச்சரிக்கை போட்டிருக்கிறோம், நாங்கள் சொல்லித்தான் இருக்கிறோம். அவர், "அதைப் பாத்துட்டுத்தாம்மா அனுப்புனேன். அந்த நம்பரைத் தவிர வேற நம்பருக்கு அனுப்பாதீங்கன்னு போட்டிருந்தீங்க. அந்த நம்பருக்குத்தான் அனுப்புனேன்" என்றார். நான் நம்பவில்லை. ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். வந்தது. என் அரக்குப் பின்னணி, என் வெள்ளை எழுத்து, நம்பர் மட்டும் வேறு. எங்கள் போஸ்ட் எல்லாவற்றையும் எடுப்பவன் எச்சரிக்கையை மட்டும் விட்டுவைப்பான் என்று நான் எப்படி நினைத்தேன்? அவனுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. போலியைப் பற்றி எச்சரிப்பவன் போலியாக இருக்க மாட்டான் என்றுதானே யாருக்கும் தோன்றும்.

அப்போதும் நான் விடவில்லை. "பணம் அனுப்பறப்போ பேர் காட்டியிருக்குமேங்க, எங்க பேரா வந்துச்சு?" என்று கேட்டேன். இதைக் கேட்டதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். 2025 ஜூன் முடிவிலிருந்து யுபிஐ செயலிகள் பணம் போகும் ஆளின் வங்கியில் பதிவான பெயரைத்தான் காட்ட வேண்டும், போனில் நாம் சேமித்து வைத்த பெயரை இல்லை. அதைப் பார்த்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்பது என் கேள்விக்குள் இருந்தது. அவர் அமைதியாக, "வேற பேருதாம்மா வந்துச்சு. கேட்டேன். எங்க அக்கவுண்டன்ட் பேருன்னு சொன்னாங்க. போன தடவை நீங்களும் அப்படித்தானே சொன்னீங்க, அது அண்ணி பேரு, பரவால்ல அனுப்புங்கன்னு" என்றார்.

சொல்லியிருக்கிறேன். அவரிடம் சொன்னது நினைவில்லை, ஆனால் தினம் பத்துப் பேரிடமாவது சொல்வேன். கடைப் பணம் எல்லாம் அண்ணியின் சேமிப்புக் கணக்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பேஜில் கடைப் பெயர், பணம் கட்டும்போது ஒரு பெண்ணின் பெயர். சந்தேகப்பட்டுக் கேட்கிறவர்களிடம், சரியாகக் கேட்கிறவர்களிடம், அது ஒன்றும் பெரிதில்லை என்று வருஷக்கணக்காகச் சொல்லிப் பழக்கியது நான்தான். இதைச் சின்னக் கடைகள் எல்லாம்தான் செய்கின்றன என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன், உண்மையும்கூட. ஆனால் அவர் எல்லாரிடமும் அதைக் கேட்டுப் பழகவில்லை, என்னிடம் கேட்டுப் பழகினார்.

கடைசியில், "போலீஸ்ல ஒரு புகார் கொடுத்துருங்கக்கா" என்று வைத்துவிட்டேன்.

இதில்தான் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறேன். இணைய மோசடிக்கான உதவி எண் 1930 என்று எனக்குத் தெரியும். பணம் போன உடனே அதற்கு அடித்து, எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பணம் போன யுபிஐ ஐடி, பரிவர்த்தனையின் 12 இலக்க எண் என்று சொன்னால் அங்கிருந்து வங்கிக்குத் தகவல் போகும், அந்தக் கணக்கில் மிச்சம் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். பிறகு cybercrime.gov.in-இல் முழுப் புகாரைப் பதிய வேண்டும். பணத்தை அனுப்பியவரே செய்வதுதான் சரி, அந்த விவரமெல்லாம் அவரிடம்தான் இருக்கும். ஆனால் சொல்லியிருக்க முடியும். இரண்டாவது பணம் போய் 35 நிமிஷம்தான் ஆகியிருந்தது. முதல் வாக்கியமே "போனை வைங்க, உடனே 1930-க்கு அடிங்க, அப்புறம் பேசலாம்" என்று இருந்திருக்க வேண்டும். நானோ கடையின் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். போலீஸ் என்றதும் அவர் ஸ்டேஷனுக்குப் போவது என்று எடுத்துக்கொண்டார், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எப்படிப் போவது என்று பேசாமல் இருந்துவிட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு மனசு கேட்காமல் 1930 என்று மெசேஜ் போட்டேன். ஏழு மணிக்கு அடித்திருக்கிறார். அந்தக் கணக்கில் மிச்சம் இருந்த 212 ரூபாயை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார்களாம்.

காலையிலேயே அடித்திருந்தாலும் கிடைத்திருக்குமா என்பது வேறு. இந்தக் கணக்குகளெல்லாம் வாடகைக்கு எடுத்தவை, பணம் விழுந்த சில நிமிஷத்தில் அடுத்த கணக்குக்குப் போய்விடும் அல்லது ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். அப்படியென்றால் என் பதினொரு நிமிஷத்தால் எதுவும் மாறியிருக்காது. சில நாள் இப்படி நினைத்துத் தூங்குகிறேன். ஆனால் அந்த 1,850 பன்னிரண்டு மணிக்கு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாதே.

அந்த அக்காவுக்கு ஒரு சேலையாவது அனுப்பலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "ஒருத்தருக்குக் கொடுத்தா நாமதான் ஏமாத்துனோம்னு ஆயிடும், நாளைக்கு நாப்பது பேர் வருவாங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. என் கைக்காசில் அனுப்பியிருக்கலாம். வளைகாப்புத் தேதி போய்விட்டது.

எச்சரிக்கையை மாற்றினோம். நம்பரே போடுவதில்லை. படமாகப் போட்டால் திருத்திவிடுவான் என்று நானே முகம் காட்டிப் பேசி வீடியோ போட்டேன். அதையும் எடுத்து, பேச்சை வெட்டிவிட்டு மேலே பாட்டுப் போட்டு, கீழே அவன் நம்பரை ஓடவிட்டான். இப்போது சொல்வது ஒன்றுதான்: மெசேஜில் யார் அட்வான்ஸ் கேட்டாலும், அது நாங்களே ஆனாலும், பழைய பில்லில் உள்ள கடை எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பழைய பில் இல்லாத புது கஸ்டமர் என்ன செய்வார்? அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான் பிடிவாதம் பிடித்து ஒன்று மட்டும் நடந்தது. அண்ணன் கடைப் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கினார், க்யூஆரும் வந்தது. ஜிஎஸ்டியில் இருக்கும் பெயரில்தான் கணக்கு திறக்க முடிந்தது. அது அண்ணனின் அப்பா காலத்துப் பெயர், பேஜின் பெயர் வேறு.

போன வாரம் கடலூரிலிருந்து ஒரு பெண், புதுசு, மெசேஜ் போட்டார்: "பேர் வேறயா வருதே?" நான், "அது எங்க கடையோட ரெஜிஸ்டர் பேருங்க, பரவால்ல அனு" வரை அடித்துவிட்டேன். நிறுத்தி, அழித்துவிட்டு, "இப்ப அனுப்ப வேணாங்க" என்று மட்டும் போட்டேன். அவர் வேறு கடைக்குப் போய்விட்டார் என்று நினைக்கிறேன்.