வேன் எத்தனை மணிக்கு வரும்?

"விழுமியங்கள்" என்ற சொல் முதல் பக்கத்திலேயே மூன்று முறை.

தெரிந்த பள்ளி ஒன்றின் சேர்க்கைக் கையேட்டை இன்று திருத்த உட்கார்ந்தேன். என் சோதனை எளிது: வரியில் பக்கத்துப் பள்ளியின் பெயரைப் போட்டுப் படிப்பேன். அப்போதும் பொருந்தினால் அடித்துவிடுவேன். முதல் பக்கத்தில் முகவரி மட்டும்தான் மிஞ்சியது.

"சிறந்த போக்குவரத்து வசதி" என்ற வரியில்தான் அதிக நேரம் போனது. வேன் ஓட்டுநரிடம் கேட்டேன். முதல் நிறுத்தத்தில் 6.50க்கு ஏறும் குழந்தை 8.15க்குத்தான் பள்ளியில் இறங்குகிறது. அதையே எழுதினேன். நிறுத்தவாரியாக நேரம், வேன் கட்டணம், மே மாதத்துக்கும் கட்ட வேண்டுமா என்பது.

தாளாளர் தயங்கினார். "இதைப் போட்டா அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க சேர மாட்டாங்களே சார்?"

சேராமல் போகலாம்தான். ஆனால் சேர்ந்துவிட்டு ஜூலையில் டி.சி. கேட்டு வருபவர்கள் யார் என்று கேட்டேன். அலுவலக அம்மா பதிவேட்டைப் புரட்டினார். போன வருடம் நான்கு பேர். மூவர் அந்த வேன்.

சரி, நேரம் இருக்கட்டும் என்றார்.

அப்புறம் மெல்லக் கேட்டார்: "விழுமியங்கள் ஒண்ணாவது இருக்கட்டுமா?"