காபிக் கொட்டைக்கு முதலில் சல்லடை, பிறகே காற்று மேசை

மார்ச் 4
தாண்டிக்குடியிலிருந்து பார்ச்மென்ட், அதாவது உமி நீக்காத காபிக் கொட்டையின், சாம்பிள் காரைக்குடி வந்து சேர்ந்தது. 2,000 கிலோ சரக்கு பட்டிவீரன்பட்டி க்யூரிங் ஒர்க்ஸில் தோல் நீக்கக் காத்திருக்கிறது. சாம்பிளின் ஈரம் 10.5 சதவீதம், நல்ல பதம். ஒரு கிலோவைத் தகர டப்பாவில் மூடி வைத்தேன். இன்னொரு கிலோவை மேலும் காய்வதற்காக வளவு முற்றத்தில் பரப்பினேன்.

மார்ச் 8
முற்றத்தில் காய்ந்தது 8.7 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. இரண்டையும் தோல் நீக்கும் சிறிய ஹல்லரில் போட்டு ஆத்தாவின் சுளகில் உமியைப் புடைத்தேன். டப்பாக் காபியில் 810 கிராம் பருப்பு தேறியது, அதில் உடைசல் 40 கிராம். வெயிலில் கிடந்ததில் உடைசல் 78 கிராம்! காய்ந்து மொறுமொறுத்த பருப்பு ஹல்லரின் அழுத்தத்தைத் தாங்குவதில்லை. ஈரம் மிகுந்தாலோ பருப்பு உடையாமல் நசுங்கித் தட்டையாகிவிடும். ஆகவே உடைசல் கூடினால் இயந்திரத்தைத் திட்டுவதற்கு முன் ஈரத்தைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 9
டப்பாக் காபியைச் சலித்தேன். 6.65 மி.மீ. சல்லடையில் நின்ற 'ஏ' ரகம் 380 கிராம், 6 மி.மீ.யில் நின்ற 'பி' 215, 5.5-இல் 'சி' 70. உருண்டையான பீபெரி 90. உடைசல் போக, கறுப்பும் பூச்சி அரித்ததும் 15.

மாலையில் க்யூரிங் ஒர்க்ஸ் மேற்பார்வையாளர் தொலைபேசியில் பேசினார். நேரம் மிச்சமாகும் என்று, தோல் நீக்கிய சரக்கை அப்படியே காற்று மேசையில் ஓட்டிவிட்டுப் பிறகு சலிக்கலாமா என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

அப்பச்சி கேட்டுக்கொண்டிருந்தார். "எந்த வரிசையில் செய்தால் என்னப்பா?"

சாய்ந்த மேசை அதிரும்போது அடியிலிருந்து காற்று எழும்பும். கனமான பருப்பு மேசையில் ஒட்டி மேட்டுப் பக்கம் ஏறும், லேசானது காற்றில் மிதந்து பள்ளத்துக்கு இறங்கும். ஆனால் காய்த்துளைப்பான் குடைந்த பெரிய பருப்பும், நிறைவான சிறிய பருப்பும் கிட்டத்தட்ட ஒரே எடை. கலந்து ஓட்டினால் மேசைக்கு இரண்டும் ஒன்றுதான். அளவைச் சமமாக்கிவிட்டால் எடையில் மிஞ்சும் வேறுபாடு பெரும்பாலும் உள்ளிருக்கும் பொள்ளலால்தான் வரும். இதைச் சொன்னதும், "அப்படியானால் ரகத்துக்கு ஒரு முறை ஓட்டச் சொல்" என்றார் அப்பச்சி. அதையேதான் எழுதி அனுப்பினேன்.

மார்ச் 15
'ஏ' ரகம் தயார். சலித்ததில் 760 கிலோ வந்தது. காற்று மேசை 30 கிலோ லேசானதை ஒதுக்கியது. அந்த 30 கிலோவிலிருந்து ஒரு பிடி அனுப்பியிருந்தார்கள். தோற்றத்தில் முதல் தரம், கையில் எடுத்தால் கனமில்லை, பலவற்றில் ஊசித்துளை. நிறம் பிரிக்கும் இயந்திரம் இவற்றில் பாதியைக்கூடப் பிடித்திருக்காது, ஏனென்றால் மேல்நிறம் பச்சையாகவே இருக்கிறது. கறுப்பை மட்டும் அது கச்சிதமாகத் தள்ளியது, தப்பியதைப் பெண்கள் கையால் பொறுக்கினார்கள்.

60 கிலோ சணல் மூட்டையாகப் பன்னிரண்டு கட்டியாயிற்று, கொஞ்சம் மீதி. கட்டும்போது ஈரம் 10.8. 'பி' ரகம் நாளை மேசையேறுகிறது.