பால்கனிக்கு கிரில் போட வீட்டு ஓனரைச் சம்மதிக்க வைத்தது

சென்னை மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மகளுக்கு அப்போது இரண்டு வயது. ஒருநாள் பால்கனிக் கைப்பிடியின் இரண்டாவது குழாயில் கால் வைத்து நின்றுகொண்டிருந்தாள். குழாய்கள் எல்லாம் படுக்கைவாட்டில் இருந்ததால் அவளுக்கு அது ஏணி மாதிரி ஆகிவிட்டது. தூக்கி உள்ளே கொண்டுவந்த பிறகும் என் கை நடுக்கம் நிற்கவில்லை.

அன்று மாலையே ஓனருக்கு போன் செய்தேன். "எட்டு வருஷமா யாரும் விழலையே, வலை கட்டிக்கோங்க" என்றார். புறா வராமல் இருக்கக் கட்டும் நைலான் வலையை நம்பிக் குழந்தையை விட முடியாது. வெயிலில் நாளடைவில் நைந்துபோகும். கொக்கி ஒன்று கழன்றாலே வழிவிடும்.

மறுநாள் டேப்பைப் பிடித்து அளந்து படம் அனுப்பினேன். கைப்பிடி மூன்றடி உயரம், குழாய்களுக்கு நடுவே ஐந்தரை அங்குலம். படத்தைப் பார்த்ததும் அவர் பேச்சு மாறியது. "தரையைத் துளைச்சா கீழ் வீட்டுக்குத் தண்ணி இறங்கும் சார், போன தடவையே பெரிய சண்டை" என்றார். அவருடைய தயக்கம் இதுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வெல்டிங் பட்டறைக்காரரை அழைத்து வந்து, தரையைத் தொடாமல் செய்ய முடியுமா என்று கேட்டேன். பக்கச் சுவர் இரண்டிலும் மேலே கூரையிலும் மட்டும் ஆங்கர் போல்ட் அடிக்கலாம், கீழே இரண்டு அங்குலம் விட்டுவிட்டால் பெருக்கவும் வசதி, தண்ணீரும் ஓடும் என்றார். கம்பிகள் எல்லாம் செங்குத்தாக, மூன்றரை அங்குல இடைவெளியில் வரவேண்டும் என்று சொன்னேன். நடுவே வலுவுக்குப் போடும் குறுக்குப்பட்டையை ஐந்தடி உயரத்துக்கு மேல் வைக்கச் சொன்னேன். கீழே வைத்தால் மறுபடியும் படிதான். தீ விபத்து என்றால் வெளியேற, பூட்டுப் போட்ட சின்னக் கதவு ஒன்றும் கேட்டேன்.

ஒன்பதுக்கு ஒன்பது அடி, 81 சதுர அடி. சதுர அடிக்கு 250 ரூபாய் வீதம் 20,250 ரூபாய் ஆனது. வரைபடம், விலை, துளை போடும் இடங்கள் மூன்றையும் ஓனருக்கு அனுப்பினேன். காலி செய்யும்போது கிரில் வீட்டோடு இருக்கட்டும், பாதி அவர் தரட்டும் என்றேன். வாடகையில் மாதம் 5,000 வீதம் இரண்டு மாதம் கழித்துக்கொள்ளச் சொன்னார். அட்வான்ஸில் இதற்காக எதுவும் பிடிக்கக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அசோசியேஷன் செயலாளர் வெள்ளை நிறம்தான் வேண்டும், வெளியே துருத்தக்கூடாது என்றார். சரி என்றோம்.

பொருத்தும் அன்று இடப்பக்கச் சுவரில் ஒரு போல்ட் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே வெறும் பூச்சுதான். சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம் என்றார்கள். நான் விடவில்லை. நான்கு அங்குலம் தள்ளிப் புதுத் துளை போட்டு, நீளமான போல்ட் அடித்தார்கள். கம்பியை இரு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுத்தேன்.

சின்னக் கதவின் சாவி இப்போது பால்கனிக் கதவுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. வீட்டுக்கு வரும் பாட்டிக்கும் அந்த இடத்தைக் காட்டி வைத்திருக்கிறேன்.