ஒரு நிமிடத்துக்குள் முடிந்த லேப்: பந்தய நேரங்களை நொடியாக்கி வரிசைப்படுத்திப் பார்த்தது

2020 டிசம்பரில் நடந்த ஃபார்முலா 1 கார் பந்தயமான சாகீர் கிராண்ட் பிரீயின் லேப் நேரங்களை வைத்துத்தான் இந்தச் சோதனை. பஹ்ரைனின் வெளிவட்டப் பாதையின் நீளம் 3.543 கி.மீ. மட்டுமே. தகுதிச் சுற்றில் பொட்டாஸ் 53.377 நொடியில் முதலிடம் பிடித்தார், ரஸ்ஸல் 53.403. வேகமான லேப்கள் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டதால் அந்த நேரங்களில் முக்காற்புள்ளியே வராது. சேஃப்டி கார் பின்னால் ஊர்ந்த லேப்களும் பிட்டுக்குள் போய்வந்த லேப்களும் மட்டும் `1:` என்று தொடங்கும். அட்டவணையின் ஒரே பத்தியில் இரண்டு வடிவம் கலந்திருக்கும் இப்படியொரு பட்டியல்தான் மாற்றும் முறையைச் சோதிக்க ஏற்றது.

முதலில் எதையும் மாற்றாமல், எழுத்தாகவே ஏறுவரிசையில் அடுக்கிப் பார்த்தோம். மிக மெதுவான லேப்கள் எல்லாம் உச்சியில் வந்து உட்கார்ந்தன. எழுத்து வரிசையில் `1` என்பது `5`க்கு முன்னால் வருவதால், `1:24.600` போன்ற ஒரு நேரம், பந்தயத்தின் வேகமான லேப்பான ரஸ்ஸலின் 55.404ஐ முந்திவிடுகிறது. மற்றப் பந்தயங்கள் பெரும்பாலானவற்றில் லேப்கள் `1:` என்றே தொடங்குவதால் எழுத்து வரிசையும் சரியாகவே வரும். அதை நம்பி நிறையப் பேர் நொடியாக மாற்றாமலே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து எக்செல். நேரத்தை நேரடியாகத் தட்டினால் அது தன் போக்கில் அர்த்தம் எடுத்துக்கொள்கிறது. `1:21.072` என்று அடித்தால் தசமப் புள்ளியைப் பார்த்து நிமிடம், நொடி என்று சரியாகப் புரிந்துகொள்ளும். புள்ளி இல்லாமல் `1:21` என்று அடித்தால் ஒரு மணி 21 நிமிடம் ஆகிவிடும். அதாவது அறுபது மடங்கு. `53.377` என்றால் வெறும் எண், எக்செல் கணக்கில் 53 நாளும் கொஞ்சமும். நாளை நொடியாக்க இந்தப் பத்தி முழுவதையும் 86400ஆல் பெருக்கினால், நிமிடம் உள்ள லேப்கள் சரியான நொடியில் நிற்க, பொட்டாஸின் லேப் மட்டும் 46 லட்சம் நொடியைத் தாண்டும். எனவே பத்தியை முதலில் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு, பிறகே நேரங்களை ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு வடிவத்தை மாற்றிப் பயனில்லை, அதற்குள் எண்ணாக மாறியிருக்கும்.

எழுத்தாக இருக்கும் நேரத்தை நொடியாக்க, முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதை 60ஆல் பெருக்கி, பின்னால் இருப்பதைக் கூட்டும் சூத்திரம்தான் எல்லோரும் முதலில் எழுதுவது. லேப்களுக்கு அது போதும். ஆனால் பந்தய முடிவில் மணியும் வரும்: வென்ற பெரெஸின் நேரம் `1:31:15.114`. இதை அதே சூத்திரத்தில் போட்டால் முதல் `1` நிமிடமாகி 60 நொடி தருகிறது. மீதியான `31:15.114`ஐ எக்செல் ஒரு நாளின் பின்னமாகக் கருதி 0.0217 என்று கூட்டிவிடுகிறது. விடை 60.02, பிழைச் செய்தி எதுவும் வராது. ஆளை ஏமாற்றும் பிழை இதுதான். ஒரு லேப் நேரம் மாதிரியே பார்வைக்கு இருக்கும்.

ஆகவே எத்தனை பகுதி இருந்தாலும், முன்னால் தேவையான அளவு `0:` சேர்த்து எப்போதும் மூன்று பகுதியாக்கிவிடுவது நல்லது.

```
=ROUND(VALUE(REPT("0:",2-(LEN(A2)-LEN(SUBSTITUTE(A2,":",""))))&A2)*86400000,0)
```

`53.377` இங்கே `0:0:53.377` ஆகும், `1:31:15.114` அப்படியே நிற்கும். 86400க்குப் பதில் 86400000 என்று போட்டு, முழு எண்ணாக்கியிருப்பதைக் கவனிக்கவும். விடை மில்லி நொடியில் கிடைக்கும்: 53377. நொடியாகப் பார்க்க வேண்டுமானால் பக்கத்துப் பத்தியில் 1000ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

முழு எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. 1997ல் ஹெரெஸில் நடந்த ஐரோப்பிய கிராண்ட் பிரீயின் தகுதிச் சுற்றில் வில்நெவ், ஷூமாக்கர், ஃப்ரென்ட்சன் மூவரும் 1:21.072 என்று ஒரே நேரம் எடுத்தார்கள். அந்த நேரத்தை முதலில் எடுத்தவருக்கே முன்னுரிமை என்பதால் அதே வரிசையில் நின்றார்கள். தசம எண்ணாகக் கணக்கிட்டால், வெவ்வேறு வழியில் கூட்டி வந்த இரண்டு 81.072 கடைசி இலக்கங்களில் நூலிழை வேறுபடலாம். அப்போது சமநிலை என்பதே தெரியாமல் வரிசை இஷ்டத்துக்கு விழும். 81072 என்ற முழு எண்ணில் அந்தச் சந்தேகம் இல்லை. சமமானவர்களைப் பிரிக்க, நேரம் பதிவான வரிசையை இரண்டாவது அளவுகோலாகக் கொடுத்துவிட வேண்டும்.

பெரிய கோப்புகளுக்குப் பைத்தானில் எழுதியது:

```python
def to_ms(t):
    t = t.strip().replace(",", ".")
    t = t.replace("’", ":").replace("'", ":")
    parts = t.split(":")
    sec, _, frac = parts[-1].partition(".")
    if t.startswith("+") or len(frac) > 3:
        raise ValueError(t)
    ms = int(sec) * 1000 + int(frac.ljust(3, "0"))
    unit = 60000
    for p in reversed(parts[:-1]):
        ms += int(p) * unit
        unit *= 60
    return ms
```

வலப்பக்கத்திலிருந்து எண்ணுவதால் மணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வழி. மோட்டோஜிபி பட்டியல்களில் வரும் `1'31.421` போன்ற மேற்கோள் குறியும் முக்காற்புள்ளியாகிவிடும். `ljust` இருக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். `1:03.4` என்பதில் 4 என்பது நான்கு மில்லி நொடி அல்ல, 400. அந்த ஒரு நேரம் 63.004 ஆகிவிட்டால், கிட்டத்தட்ட 0.4 நொடியை யாரோ ஒருவருக்குச் சும்மா தூக்கிக் கொடுத்ததாகும். மூன்றுக்கு மேல் இலக்கம் இருந்தால் நிரல் நின்றுவிட வேண்டும். இண்டிகார் நேரங்கள் நான்கு இலக்கத்தில் வருபவை. அவற்றுக்கு அலகையே பத்தாயிரத்தில் ஒரு நொடியாக்கிக்கொள்ளுங்கள், வெட்டி எறிய வேண்டாம்.

`+` குறியைத் தடுத்திருப்பதும் வேண்டுமென்றேதான். முடிவுப் பட்டியலில் வென்றவருக்கு மட்டுமே முழு நேரம் இருக்கும். இரண்டாவதாக வந்த ஓக்கானுக்கு `+10.518` என்ற இடைவெளிதான். பைத்தானின் `int("+10")` முணுமுணுக்காமல் 10 என்று தருவதால், அந்த வரி இல்லாவிட்டால் ஓக்கான் பந்தயத்தையே பத்தரை நொடியில் முடித்து பெரெஸுக்கு மேலே போய்விடுவார். இடைவெளியைத் தனியாகப் பிரித்து, வென்றவரின் 5475114உடன் 10518ஐக் கூட்டினால் 5485632, அதாவது 1:31:25.632.

ஒரு லேப் பின்தங்கியவருக்கு வரும் `+1 Lap` என்பதை நொடியாக மாற்ற வழியே இல்லை, ஏதோ ஒரு நேரத்தை இட்டு நிரப்பவும் கூடாது. முடித்த லேப் எண்ணிக்கையை இறங்குவரிசையிலும், அதற்குள் நேரத்தை ஏறுவரிசையிலும் வைத்தால் சரியாக விழும். பந்தயத்தை முடிக்காததால் `DNF` உள்ளவர்களுக்கு 0 போட்டால் அவர்களே முதலிடம் பிடிப்பார்கள். வெறுமையாக விட்டு, நேரம் உள்ளவர்களுக்குப் பின்னால் தள்ள வேண்டும்.

மாற்றி முடித்ததும் இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, வேகம்: 3543 மீட்டரை 53.377ஆல் வகுத்து 3.6ஆல் பெருக்கினால் மணிக்குச் சுமார் 239 கி.மீ. வரும். அறுபது மடங்கு பிழை புகுந்த லேப் நடந்து போகும் வேகத்தைக் காட்டும், உடனே பிடிபடும். இரண்டு, கூட்டுத்தொகை: பெரெஸின் 87 லேப்களையும் கூட்டினால் 5475114 வர வேண்டும். சில நூறு மில்லி நொடி மட்டும் குறைந்தால், ஓர் இலக்கப் பின்னம் எங்கோ தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்று `ljust` வரிக்குத் திரும்புங்கள்.