காய்ச்சல் விட்ட பிறகு தரும் மாத்திரை

சீதபேதியை உண்டாக்கும் அமீபா என்ற கிருமி கல்லீரலுக்கு ஏறிச் சீழ்க்கட்டியோடு வருகிறவர்களிடம் "சீதபேதி போனதா?" என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். அவர்கள் மறைக்கவில்லை. கட்டியோடு வருகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குக்கூட அந்தச் சமயத்தில் வயிற்றுப்போக்கு இருப்பதில்லை. குளிர் காய்ச்சல், வலது விலாவுக்கு அடியில் வலி, சோறு இறங்காதது, வறட்டு இருமல், சிலருக்கு வலது தோளில் வலி. கல்லீரலின் மேற்பகுதி வீங்கி உதரவிதானத்தை உரசும்போது அந்த வலி தோளில்தான் தெரியும். வலை இழுக்கிற ஆளுக்குத் தோள் வலித்தால் யார் கல்லீரலை நினைப்பார்கள்? தைலம் தேய்த்து நாலைந்து நாள் ஓட்டுவார்கள். அப்புறம் மலேரியாவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, டைபாய்டுக்கு ஒன்று. எல்லாம் முடிந்துதான் எங்களிடம் வருவார்கள்.

மண்டபம் பக்கத்திலிருந்து வந்த விசைப்படகு டிரைவர் ஒருவரும் அப்படித்தான் வந்தார். நாற்பதை ஒட்டிய வயது, கள்ளும் சாராயமும் பழக்கம். இந்த நோய் பெண்களைவிட நடுவயது ஆண்களுக்குப் பல மடங்கு அதிகம். குடிக்கிறவர்கள் அதில் நிறைய. காரணம் முழுதாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் வார்டில் பார்க்கிற யாருக்கும் இது தெரியும்.

வலது பக்க விலா எலும்புகளுக்கு நடுவே, சதைப் பகுதியில், ஒற்றை விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தேன். ஓர் இடம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கையைத் தட்டிவிட்டார். அந்த ஒரு புள்ளி வலி எனக்கு முக்கியம். எக்ஸ்ரேயில் வலது உதரவிதானம் மேலே தூக்கியிருந்தது. ஸ்கேனில் வலது மடலில், கல்லீரலின் மேலுறைக்குப் பக்கத்தில், உருண்டையாக ஒரே ஒரு கட்டி, ஏழு சென்டிமீட்டர். வெள்ளையணுக்கள் கூடியிருந்தன. மலப் பரிசோதனையில் அமீபா இல்லை என்று வந்தது. அதை நம்பிக் கட்டியை வேறு நோய் என்று முடிவுகட்டக் கூடாது. கட்டி இருக்கும்போது மலத்தில் கிருமி தெரியாமல் போவதுதான் வழக்கம். ரத்தத்தில் அமீபாவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் பார்க்கலாம், பார்த்தோம், இருந்தது. ஆனால் பழைய தொற்றிலும் அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். அதனால் அறிகுறி, ஸ்கேன், எதிர்ப்பொருள் மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் பேச வேண்டும்.

அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். நாலு மாதத்துக்கு முன்னால் வேறோர் ஊரில் இதே நோய்க்குப் படுத்திருக்கிறார். டிஸ்சார்ஜ் சீட்டில் அமீபாவைக் கொல்லும் மெட்ரோனிடசோல் ஏழு நாள், ஒரு வைட்டமின், ஒரு வாயு மாத்திரை. அவ்வளவுதான். குடலுக்கான மருந்தைக் காணோம்.

இந்த இடத்தில்தான் நோய் திரும்பி வருகிறது. அமீபா இரண்டு இடத்தில் குடியிருக்கிறது. குடலின் சுவரைத் துளைத்து, ரத்தக் குழாய் வழியாகக் கல்லீரலுக்குப் போனது ஒரு கூட்டம். குடலின் உள்ளே மலத்தோடு தங்கியிருப்பது இன்னொன்று. மெட்ரோனிடசோல் வாய்வழியாகப் போனதும் சிறுகுடலிலேயே ரத்தத்தில் ஏறிவிடுகிறது. கல்லீரலுக்கு அது மிக நல்லது. ஆனால் பெருங்குடலுக்குள் போய்ச் சேரும் மிச்சம் கொஞ்சம்தான். கூட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் அமீபாவை, அதாவது சிஸ்ட்களை, அது நம்பகமாகக் கொல்வதும் இல்லை. அதை மட்டும் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் குடலில் கிருமி அப்படியே இருக்கிறது. அதில் சிலருக்கு மறுபடி குடலைத் துளைத்து மேலே ஏறும். அது வரைக்கும் அவருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, வீட்டிலும் படகிலும் இருப்பவர்களுக்குப் பரப்பிக்கொண்டும் இருப்பார்.

மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் மாத்திரை வேளைக்கு இரண்டாக, மூன்று வேளை, பத்து நாள் ஆரம்பித்தோம். வாயெல்லாம் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கிறது என்றார், சிறுநீர் கறுக்கிறது என்று பயந்தார். இரண்டும் மருந்தின் வேலை. இந்த மருந்தோடு சாராயம் குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரும் என்று எச்சரித்தேன், அது ஓரளவு உதவியது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது, நான்காம் நாள் சோறு கேட்டார்.

ஊசி போட்டுச் சீழை எடுத்துவிடலாமே என்று அவர் தம்பி கேட்டார். தேவைப்படவில்லை. மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் மருந்து கேட்காவிட்டால் எடுப்போம். கட்டி ரொம்பப் பெரிதாக, மேலுறை மெலிந்து வெடிக்கிற மாதிரி இருந்தாலும் எடுப்போம். இடது மடலில் இருந்தால் நான் அதிகம் காத்திருக்க மாட்டேன். அங்கிருந்து வெடித்தால் இதயத்தைச் சுற்றிய உறைக்குள் போய்விடும். அப்படி ஒருவரை உடனே மதுரைக்கு அனுப்பியிருக்கிறோம். எடுக்கும் சீழ் காப்பிப்பொடி நிறத்தில், நாற்றமில்லாமல் இருக்கும். அதிலும் கிருமியைக் காண்பது அரிது, அது கட்டியின் சுவரை ஒட்டித்தான் இருக்கும். நாற்றம் அடித்தால் வேறு கிருமியும் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

பத்து நாள் முடிந்ததும் டைலாக்சனைடு ஃபியூரோயேட் 500 மில்லிகிராம், மூன்று வேளை, இன்னொரு பத்து நாள் எழுதினேன். இந்த மருந்து குடலுக்குள்ளேயே நின்று வேலை செய்யும். பாரோமோமைசின் கிடைத்தால் ஏழு நாளில் முடியும். மாத்திரையைக் கையில் வாங்கிய மனைவி கேட்டார், "காய்ச்சல்தான் விட்டுருச்சே அய்யா, இன்னும் எதுக்கு மாத்திரை?" நியாயமான கேள்விதான். "கல்லீரலுக்குக் கொடுத்தது முடிஞ்சுதும்மா, இது குடலுக்கு. போன தடவை விட்டுப்போனது இதுதான்" என்றேன். பழைய சீட்டைக் காட்டிச் சொன்னதால் எளிதாகப் புரிந்தது. மற்றவர்களிடம் இந்த விளக்கம் அவ்வளவு சீக்கிரம் எடுபடுவதில்லை, உடம்பு தேறியவன் மாத்திரையை மறப்பது இயல்பு.

இன்னொரு தொல்லையும் உண்டு. வயிறு கழிந்தால் மருந்துக்கடையில் மெட்ரோனிடசோலும் டைலாக்சனைடும் சேர்ந்த மாத்திரையை இரண்டு நாளைக்கு வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். கழிச்சல் நிற்கும். ஆனால் டைலாக்சனைடுக்குப் பத்து நாள் வேண்டும். இரண்டு நாளில் குடல் சுத்தமாகாது, நோய் போய்விட்டது என்ற நினைப்பு மட்டும் மிஞ்சும்.

ஆறு வாரம் கழித்து டிரைவர் வேறொரு ஸ்கேன் எடுத்துக்கொண்டு பதறி வந்தார். கட்டி ஐந்து சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது. பசி இருக்கிறது, எடை ஏறியிருக்கிறது, காய்ச்சல் இல்லை, விலாவில் அழுத்தினால் வலி இல்லை. குழி மூடப் பல மாதம் ஆகும், சிலருக்கு ஓராண்டை நெருங்கும். ஸ்கேனைப் பார்த்து மெட்ரோனிடசோலை மறுபடி தொடங்குவது வீண் வேலை, நீண்ட நாள் கொடுத்தால் கை காலில் மரமரப்பு வரும். திருப்பி அனுப்பினேன்.

மனைவி, இரு பிள்ளைகளின் மலத்தையும் பார்த்தோம். சின்னவனிடம் சிஸ்ட் இருந்தது. நோய் செய்யாத இன்னொரு அமீபாவும் மைக்ராஸ்கோப்பில் அச்சு அசலாக அப்படியேதான் தெரியும், இங்கே பிரித்துப் பார்க்க வழியில்லை. அப்பாவுக்கு இரண்டு முறை கட்டி வந்த வீடு என்பதால் அவனுக்கும் டைலாக்சனைடு மட்டும், எடைக்கு ஏற்ற அளவில் கொடுத்தேன். தொந்தரவில்லாமல் சிஸ்ட் மட்டும் இருப்பவருக்கு மெட்ரோனிடசோல் வேண்டியதில்லை.

தண்ணீர்தான் மிச்சம். மணலில் ஊற்றுத் தோண்டி எடுப்பதும், லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைப்பதும் இந்தக் கரையில் வழக்கம். குழாய்த் தண்ணீரில் போடும் அளவு குளோரின் இந்த சிஸ்ட்டைக் கொல்லாது, கொதிக்க வைத்தால் சாகும். வீட்டில் கொதிக்க வைக்கிறார்கள். படகில் ஆளுக்கொரு கேன் வீட்டிலிருந்தே எடுத்துப் போகச் சொன்னேன். டிரைவர் எடுத்துப் போகிறார், மற்றவர்கள் இன்னும் பொது கேனில்தான் குடிக்கிறார்கள்.